பதினாறையும் ஒரே மடலில் அடுக்காதீர்கள்

திருமண மண்டபங்களில் நண்பர்களும் அலுவலகத்தாரும் சட்டம் போட்டுக் கொடுக்கும் வாழ்த்து மடல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும்:

"இரு மனம் இணையும் திருமணத்தில், ஈருடல் ஓருயிராய், நகமும் சதையுமாய், பாலும் தேனும் கலந்ததுபோல் கலந்து, ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரூன்றி, பதினாறும் பெற்று, வாழையடி வாழையாக, சீரும் சிறப்புமாக, பேரும் புகழும் பெற்று, நீடூழி வாழ்க!"

இதில் தவறான தொடர் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் தனியாக நின்றால் அழகானதுதான். ஆனால் மேடையில் ஒருவர் இதை வாசித்து முடித்ததும், என்ன வாழ்த்தினார் என்று மணமக்களைக் கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

எண்ணிப் பார்த்தால் காரணம் தெரியும். மொத்தம் பதினொரு தொடர்கள். முதல் நான்கும் சொல்வது ஒன்றே: இருவரும் ஒன்றாகுங்கள். அடுத்த நான்கும் ஏறத்தாழ ஒன்றே: குடும்பம் பெருகட்டும், செழிக்கட்டும். "சீரும் சிறப்பும்", "பேரும் புகழும்" இரண்டும் மதிப்பைப் பற்றியவை. கடைசியில் நீண்ட ஆயுள். ஆக, பதினொரு தொடர்களுக்குள் இருப்பது நான்கு வாழ்த்துகள்தான். போதாக்குறைக்கு, நகம், பால், தேன், ஆலமரம், புல், வாழை எல்லாம் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து ஓடுகின்றன. ஒரு படம் மனத்தில் எழும் முன்பே அடுத்தது வந்து அதை அழித்துவிடுகிறது. உவமை என்பது கண்ணால் பார்க்கக் கொடுப்பது. பார்ப்பதற்கு நேரம் கொடுக்காவிட்டால் அது வெறும் ஓசை.

வாழ்த்து மடலுக்கு ஒரு தொடர் போதும். மேடையில் பேசுவதாக இருந்தால் இரண்டு வரை போகலாம். எடுத்த ஒன்றை விரித்துச் சொல்ல வேண்டும். எதை எடுப்பது, எப்படி விரிப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. வாழ்த்துக்குத் தொடர் தேடிப் பழமொழித் தொகுப்பைத் திறக்காதீர்கள். தமிழ்ப் பழமொழிகளில் பெரும்பகுதி கண்டிப்பவை, எச்சரிப்பவை, குத்திக்காட்டுபவை. கல்யாணத்தைப் பற்றியவை இன்னும் கடுமை. "ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்" என்பதை மேடையில் சிரிப்புக்காகச் சொல்கிறவர்கள் உண்டு. சிரிப்பு வரும், ஆனால் மணப்பெண்ணின் அம்மா முகத்தைப் பார்த்தால் அதை மறுபடி சொல்லத் தோன்றாது. "கல்லானாலும் கணவன்" இன்று யாரையும் வாழ்த்துவதில்லை. "விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை" என்பதும் இருவருக்குமான பொது அறிவுரைபோலத்தான் தோன்றும். ஆனால் அரங்கில் அது பெண்ணை நோக்கிச் சொன்னதாகவே கேட்கப்படும். சொல்பவரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், அந்த வரி இதுவரை யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டு வந்ததோ அந்தப் பழக்கம் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார்" நல்ல பழமொழிதான், ஆனால் அது மணமக்களுக்கு உரியதல்ல. அது பந்தல்கால் நட்டதிலிருந்து பந்தி முடியும்வரை உட்காராமல் ஓடுகிற பெற்றோருக்கு உரியது. மணமகளின் அப்பாவிடம் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணம் பண்ணிப்பார்னு சும்மாவா சொன்னாங்க, ஒரு குறை இல்லாம நடத்திட்டீங்க மாமா" என்று சொன்னால், அந்த ஒரு வரியில் அவருடைய களைப்பு பாதி இறங்கும். ஒரே பழமொழிதான். யாரிடம் சொல்கிறோம் என்பதில் அது பாராட்டாகவும் ஆகும், மணமக்களைப் பயமுறுத்துவதாகவும் ஆகும்.

ஆகவே வாழ்த்துக்கான கையிருப்பு பழமொழிகளில் அதிகம் இல்லை. அது வாழ்த்தவே பிறந்த மரபுத்தொடர்களில் இருக்கிறது. அவற்றில் மிகவும் வளமானது இது: "ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரூன்றி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல் வாழ்க."

இதில் மூன்று செடிகள், மூன்று வேறு வாழ்த்துகள். ஆலமரம் பக்கவாட்டில் கிளை பரப்பும். அந்தக் கிளையின் கனத்தைத் தாங்க விழுது இறங்கும். விழுது மண்ணைத் தொட்டு ஊன்றிவிட்டால் அதுவே இன்னொரு அடிமரம்போல ஆகிவிடும். தாய்மரத்தைக் கரையான் தின்றாலும் விழுது தாங்கி நிற்பதுபோல, தளர்ந்த தந்தையை மகன் தாங்குவதை நாலடியார் பாடுகிறது. எனவே வயதான பெற்றோரைத் தங்களோடு வைத்துக்கொள்ளப்போகிற மணமக்களுக்கு ஆல் பொருந்தும். "தழைத்து" என்ற சொல்லோடு நிறுத்திவிட்டால் அது வெறும் செழிப்பு. விழுதைச் சொன்னால்தான் அது அந்த வீட்டைப் பற்றிய வாழ்த்தாகிறது.

அறுகு உயரத்தில் வளராது, தரையோடு ஊர்ந்து போகும். போகிற வழியில் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். கோடையில் காய்ந்து கருகி, செத்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரு மழைக்குத் துளிர்க்கும். வயலில் அறுகு புகுந்துவிட்டால் களைந்து முடியாது என்பது உழவருக்குத் தெரியும். அந்தப் பிடிவாதத்தைத்தான் இந்த வாழ்த்து கேட்கிறது. யாழ்ப்பாணத்துத் திருமணங்களில் பெரியவர்கள் மணமக்கள்மேல் அறுகும் அரிசியும் சேர்த்து இடுவது, அறுகரிசி இடுதல், இன்றும் உண்டு. ஈழத்துக் குடும்பத்துக்கு எழுதும்போது அந்தச் சடங்கையே நினைவூட்டலாம். எழுத்தில் ஒரு கவனம் வேண்டும். புல்லின் பெயர் அறுகு, வல்லின றகரம். "அருகு" என்று அச்சாவதும் உண்டு. பக்கத்தில் என்ற பொருள் தரும் சொல் அது.

மூங்கில் தனியாக நிற்பதில்லை. ஒரே அடியிலிருந்து புதராகக் கிளம்பும். காற்றில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தாங்கிக்கொள்ளும். அதனால்தான் அது சுற்றத்துக்கு உவமை. "முசியாமல்" என்றால் தேய்ந்து, அற்றுப் போகாமல் என்று பொருள். அச்சகத்தில் இந்தச் சொல் புரியாமல் வேறு ஏதாவதாக மாறிவிடக்கூடும், மெய்ப்பு பார்க்கும்போது இங்கே ஒரு முறை கண்ணை நிறுத்துங்கள். மூங்கிலை ரொம்பத் தூரம் இழுக்கவும் கூடாது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும்போது புதர் முழுவதுமே பட்டுப்போகும் என்பது மலையோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். "மூங்கில் பூப்பதுபோல்" என்று யாராவது அழகுக்காக நீட்டினால் வாழ்த்து நேர் எதிராகப் போய்விடும்.

இந்த மூன்றில் எது இந்த மணமக்களுக்கு என்று தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. ஒரு எடுத்துக்காட்டை முழுவதுமாகச் செய்து பார்ப்போம். மணமகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மணமகள் தஞ்சாவூரில் செவிலியர். இடமாற்றம் கிடைக்கும்வரை முதல் ஓராண்டு இருவரும் வேறு வேறு ஊரில்தான் இருந்தாக வேண்டும். உடன் வேலை பார்க்கும் மூத்தவர்கள் சேர்ந்து மடல் எழுதுகிறார்கள்.

இங்கே "ஈருடல் ஓருயிர்", "நகமும் சதையும்" இரண்டும் உறுத்தும். பிரிந்திருக்கப்போகிறவர்களிடம் ஒட்டியிருப்பதைப் பற்றிப் பேசினால் இல்லாததைத்தான் அது நினைவூட்டும். ஆல் பொருந்தாது, தழைக்க இன்னும் ஒரே இடம் அமையவில்லை. அறுகு பொருந்துகிறது, ஏனென்றால் அது ஒரே இடத்தில் வேர்விடுவதில்லை. இப்போது எழுத வேண்டியது மூன்று பகுதிதான். முதலில் செடியைக் காட்ட வேண்டும், அடுத்து இவர்களுடைய வாழ்விலிருந்து ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும், கடைசியில்தான் மரபுத்தொடர் வர வேண்டும்.

"அறுகம்புல் ஒரு கணுவில் வேர்விட்டு, தரையோடு ஊர்ந்து, அடுத்த கணுவிலும் வேர்விடும். ஊன்றுவது பல இடத்தில் என்றாலும் கொடி ஒன்றுதான். ஓசூரில் ஒருவரும் தஞ்சாவூரில் ஒருவருமாக இந்த ஆண்டைத் தொடங்குகிறீர்கள். இரவு ஷிப்ட் முடிந்ததும் வரும் போன் அழைப்புதான் இப்போதைக்கு உங்கள் கொடி. அறுகுபோல் வேரூன்றி வாழ்க."

முதலில் பார்த்த மடலைவிட இது சற்று நீளம்தான். ஆனால் அதில் பதினொரு தொடர், இதில் ஒன்று. மரபுத்தொடரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதலிலேயே "அறுகுபோல் வேரூன்றி" என்று தொடங்கினால், கேட்பவர் "சரி, வழக்கமானது" என்று காதைத் தளர்த்திவிடுவார். புல்லைப் பார்த்து, ஓசூரையும் தஞ்சாவூரையும் கேட்ட பிறகு அதே தொடர் வந்தால், சிறு வயதிலிருந்து கேட்ட சொல் அன்றைக்குத்தான் புரிந்ததுபோல இருக்கும்.

பதினாறுக்கும் இதே வழி செல்லும். "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு" என்பதில் உள்ளவை பதினாறு பிள்ளைகள் அல்ல, பேறுகள். அவற்றைச் சொல்லும் பட்டியல்கள் ஒன்றுக்கு மேற்பட்டு உண்டு. பலருக்கும் தெரிந்தது அபிராமி பட்டர் திருக்கடையூர் அபிராமியிடம் கேட்கும் பதிகப் பாட்டு. "கலையாத கல்வியும் குறையாத வயதும் ஓர் கபடு வாராத நட்பும்" என்று தொடங்கி, "சலியாத மனமும்", "மாறாத வார்த்தையும்", "தடைகள் வாராத கொடையும்" என்று போகும். ஒவ்வொரு பேறும் தனக்கென்று ஒரு அடைமொழியோடு வருகிறது. வெறும் நட்பைக் கேட்கவில்லை, கபடு வாராத நட்பைக் கேட்கிறார். மனத்தைக் கேட்கும்போதும் அது சலியாததாக இருக்க வேண்டும் என்கிறார்.

பதினாறையும் அள்ளிக் கொடுப்பதைவிட ஒன்றை எடுத்துக் கொடுப்பது மேல். பள்ளிக்கூடத்திலிருந்து நண்பர்களாக இருந்து மணம் செய்துகொள்கிறவர்களுக்கு "கபடு வாராத நட்பு". சொன்னால் சொன்னதைச் செய்கிற பையன் என்று ஊரில் பெயரெடுத்தவருக்கு "மாறாத வார்த்தை". "பதினாறு பேற்றில் ஒன்று மாறாத வார்த்தை. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, மற்ற பதினைந்தும் வந்து சேரட்டும்" என்று எழுதிப் பாருங்கள். பழைய வாழ்த்து அப்படியே இருக்கிறது, ஆனால் வேறு யாருக்கும் எடுத்து ஒட்ட முடியாது. பட்டியலில் "அன்பகலாத மனைவியும்" என்று வருவதால், மணமகளையும் சேர்த்து வாழ்த்தும் மடலில் முழுப் பாட்டையும் அச்சிட்டால் அது ஆணுக்கு மட்டும் சொன்னதாகிவிடும். பாட்டு இறைவியிடம் கேட்பது என்பதையும் மறக்க வேண்டாம். வேறு சமயத்தவர் வீட்டிலும் சுயமரியாதைத் திருமணத்திலும் பாட்டை விட்டுவிட்டு, தேர்ந்த பேற்றின் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

குழந்தைப்பேற்றைத் தொடும் தொடர்களுக்கு ஒரு தனி நிதானம் தேவை. "வாழையடி வாழை" மிக அழகான படம். குலை தள்ளிய வாழை தன் காலம் முடிந்து சாயும் முன்பே அதன் அடியில் கன்று எழுந்திருக்கும். மண்டப வாசலில் குலையோடு வாழை கட்டியிருப்பதும் அதனால்தான். ஆனால் நாற்பதைத் தாண்டியவர்களின் திருமணத்திலும் மறுமணத்திலும் அதைச் சொல்வது ஒரு கேள்வியாகப் போய் விழும். அங்கே சுற்றத்தைப் பற்றியோ மனத்தைப் பற்றியோ பேசுவதே மரியாதை.

சங்கப் பாட்டு, குறள் என்று மேற்கோளாகப் போகும்போது, பாட்டு எந்த இடத்தில் யார் சொன்னது என்று பார்க்காமல் எடுத்தால் சங்கடம் நேரும். "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்ற குறுந்தொகை நாற்பதாம் பாட்டு அழைப்பிதழ்களில் நிறைய வருகிறது. "செம்புலப் பெயல்நீர் போல" என்ற உவமைக்காக எல்லோரும் விரும்புகிறார்கள். பாட்டின் முதல் பாதி என்ன சொல்கிறது? உன் தாயும் என் தாயும் ஒருவருக்கொருவர் யார், என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு, நீயும் நானும் எப்படி அறிந்தோம் என்று கேட்கிறது. முன்பின் அறியாத இருவர் சேர்ந்ததன் வியப்பு அது. அத்தை மகனும் மாமன் மகளும் கல்யாணம் செய்துகொள்ளும் வீட்டில் இதை அச்சிட்டால், "என் அண்ணனும் நானும் எந்த வகையில் உறவா?" என்று அத்தை கேட்பார். கேட்பது நியாயம். வேறு வேறு ஊரில், வேறு வேறு சமூகத்தில் பிறந்து சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அந்தப் பாட்டு உரியது. அவர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

இதைவிடக் கூச்சமானது "பாலொடு தேன்கலந் தற்றே". மணமக்கள் பாலும் தேனும்போலக் கலக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, "வள்ளுவரே சொன்னார்" என்று 1121ஆம் குறளை ஆதாரமாகக் காட்டுவது. அந்தக் குறளில் பாலும் தேனும் கலந்ததுபோல் இருப்பது காதலியின் பல்லிடையில் ஊறிய நீர். தாத்தா பாட்டி முன்வரிசையில் இருக்கும் அரங்குக்கு அது வேண்டாம். காமத்துப்பாலிலிருந்து எதை எடுத்தாலும் இரண்டாம் அடியை வாசிக்காமல் எடுக்காதீர்கள்.

"அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது" என்ற 45ஆம் குறளுக்கு இந்த ஆபத்து இல்லை. ஆனால் எல்லோரும் சொல்லிச் சொல்லி அது காதில் விழாமலேயே போகிற நிலைக்கு வந்துவிட்டது. புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணங்களில் வாழ்த்துரையே நிகழ்ச்சியின் முக்கியப் பகுதி. அங்கே ஒரே மேடையில் இந்தக் குறள் மூன்று நான்கு முறை வருவது சாதாரணம். சொல்லத்தான் வேண்டும் என்றால் "உடைத்தாயின்" என்ற சொல்லில் நில்லுங்கள். இருக்கிறது என்று வள்ளுவர் சொல்லவில்லை, இருக்குமானால் என்கிறார். அன்பு இருவருக்குள் இருப்பது, அறன் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போவது. இந்த ஒரு விளக்கத்தோடு சொன்னால், நான்காவது முறையாக வந்தாலும் அது புதிதாகக் கேட்கும். அச்சில் "அறமும்" என்று மாற்றிவிட வேண்டாம், பாடம் "அறனும்".

மேடையில் ஏறுகிறவர்கள் இரண்டு தொடர்களை யோசித்துக்கொண்டு போவது நல்லது. இரண்டையும் சொல்லியே ஆக வேண்டும் என்பதற்கல்ல, உங்களுக்கு முன் பேசுகிறவர் ஒன்றை எடுத்துவிடுவார் என்பதற்காக. பதினாறும் ஆலும் முதல் இரண்டு பேச்சுக்குள்ளேயே போய்விடும். உட்கார்ந்து கேட்டுக்கொண்டே, சொல்லப்பட்டதை உங்கள் தாளில் அடித்துவிடுங்கள். முன்னவர் சொன்னதையே மறுபடி சொல்ல நேர்ந்தால், "பெரியவர் சொன்ன ஆலமரத்தில் விழுதைப் பற்றி மட்டும் ஒரு சொல்" என்று அவருடைய படத்துக்குள்ளேயே நுழைந்துவிடலாம். அது திரும்பச் சொல்வதாகாது, அவருக்கும் மரியாதை.

வயதும் ஒரு கணக்கு. மரபு வாழ்த்துகள் பெரியவர் குரலில் அமைந்தவை. தங்கை தன் அண்ணனுக்கும் அண்ணிக்கும் "ஆல்போல் தழைத்து வாழ்க" என்று எழுதினால், பாட்டியின் புடவையைக் கட்டிக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். அதற்காக "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்ற சுவரொட்டித் தொடருக்கும் போக வேண்டாம். இளையவர் வாழ்த்தாமல் ஆசைப்படலாம். "அண்ணா, அண்ணி, நம்ம வீட்டு ஆலமரத்துல இன்னிக்கு ஒரு விழுது இறங்கியிருக்கு. அது ஊன்றி நிக்கிறதைப் பக்கத்துல இருந்து பார்க்கணும்" என்றால் உவமை அதே மரபு, குரல் தங்கையுடையது. "வாழ்க" என்ற முடிவும் அங்கே தேவையில்லை.

தொடரே இல்லாமல் வாழ்த்தலாமா என்றால், தாராளமாக. அகநானூற்றின் எண்பத்தாறாம் பாட்டில் ஒரு திருமணம் வருகிறது. உளுந்து சேர்த்த களிச்சோறு, பந்தலில் பரப்பிய மணல், விளக்கு, மாலை எல்லாம் உண்டு. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் சேர்ந்து, நீரில் பூவும் நெல்லும் கலந்து மணமகளின் தலையில் சொரிந்து, "கற்பினின் வழாஅ நற்பல உதவிப் பெற்றோற் பெட்கும் பிணையை ஆக" என்கிறார்கள். நல்லவை பல செய்து, உன்னை மனைவியாகப் பெற்றவன் விரும்பும் துணையாகு என்பதுபோல ஒரே வாக்கியம். அதில் உவமை கிடையாது, அடுக்கும் கிடையாது. இன்றைய காதுக்கு அது பெண்ணுக்கு மட்டும் சொல்வதாக இருப்பது வேறு விஷயம். ஆனால் ஒரு வாக்கியம் போதும் என்ற அளவு அந்த நால்வரிடம் இருக்கிறது.

கடைசியாக மொய்க் கவர். அதில் பெயரும் ஊரும் எழுதிய பிறகு மிஞ்சுவது ஒரு வரிக்கான இடம். 501 ரூபாயோ 1001 ரூபாயோ, கொடுப்பது குறைவு என்று மனம் உறுத்தினால் அதற்கென்றே ஒரு தொடர் இருக்கிறது: "பொன் வைக்கும் இடத்தில் பூ வைத்து வாழ்த்துகிறோம்." உறவுக்காரர் வைத்தால் அதில் உரிமையும் கூச்சமும் சேர்ந்தே தெரியும். பெரிய தொகையோ நகையோ வைக்கிறவர்கள் இதை எழுதக் கூடாது. அவர்கள் பெயரை மட்டும் எழுதினால் போதும்.